நனைந்த பதிவேடுகளின் பட்டியல்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரையிலான வட்டாரத்தில் பழைய ஆவணங்களைப் பேணும் பணியில் இருப்போருக்கு ஆண்டின் கடினமான காலம் அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் இறுதியில்தான் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையும், 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல்களும் அந்த இரண்டரை மாதத்துக்குள்ளேயே வந்து போகின்றன. ஆயினும் இத்தொழிலில் பல பத்தாண்டுகள் கழித்தவர்கள் அதிகம் அஞ்சுவது பெருவெள்ளத்துக்கு அன்று, கூரை ஒழுகலுக்கே. வெள்ளம் வருமென்று முன்னறிவிப்பு கிடைக்கும், கீழ்த்தட்டுகளைக் காலி செய்ய அவகாசமும் இருக்கும். ஒழுகலோ விடுமுறை நாளின் இரவில் ஓர் அடுக்கின் பின்புறமாக இறங்கி, அறையைத் திறக்கும் திங்கட்கிழமைக் காலைவரை யார் கண்ணிலும் படாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இவ்வட்டாரத்தின் பழைய அலுவலகக் கட்டடங்களும் நூலகங்களும் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் குறிப்பிடும் கூரையைக் கொண்டவை. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை இடித்து இறுக்கி, மேற்பரப்பில் தட்டோடு பாவி முடிப்பது அம்முறை. தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போனாலோ, மழைநீர்க் குழாயின் வாயில் அரசங்கன்று முளைத்து நீர் தேங்கினாலோ, தளம் நீரை உள்ளே வாங்கத் தொடங்குகிறது. உட்புகுந்த நீர் நேர்கீழாகச் சொட்டுவதில்லை. சட்டத்தின் ஓரமாக ஓடி, விரிசலிலிருந்து எட்டோ பத்தோ அடி தள்ளி, சட்டம் சுவரில் நுழையும் இடத்தில் இறங்குகிறது. இதனால் கூரையில் விரிசலைக் கண்ட இடத்துக்கு நேர்கீழே உள்ள அடுக்கை மட்டும் தார்ப்பாயால் மூடிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மறுநாள் அறையின் மற்றொரு மூலையில் சேதத்தைக் கண்டதுண்டு.

இந்த நீரைப் பற்றி மற்றொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புத் தளத்தின் ஊடாக ஊறி வருவதால் அது வெறும் மழைநீராக இருப்பதில்லை. சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு காரத்தன்மையுடன் இறங்குகிறது. பதிவேட்டின் ஓரத்தில் அது காய்ந்த இடத்தில் வெண்ணிறப் பொருக்குப் படிகிறது. வெள்ளை எழுத்தும் நீலப் பின்னணியும் கொண்ட பழைய கட்டடப் படங்களான புளூபிரிண்டுகளில் விளைவு இதைவிடக் கடுமையானது. அவற்றின் நீலம் பிரஷ்யன் நீலம் என்னும் இரும்புச் சேர்மம்; அது காரத்தைத் தாங்காது. கூரைநீர் பட்ட பகுதியில் நீலம் சிதைந்து மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறுவதால், கோடுகளுக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடே மறைந்துவிடுகிறது. காகிதத்தை எவ்வளவு நன்றாக உலர்த்தினாலும் அந்தப் படம் தானாக மீள்வதில்லை.

இங்குப் பேணப்படுவனவற்றின் தன்மையையும் கருத வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு ஜாகீர் 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு வந்ததைத் தொடர்ந்து, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 தொடங்கி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சுமார் இரண்டாயிரம் ஊர்களின் நிலம், நீர்நிலை, குடிகள், மானியங்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அக்கணக்கின் ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், மூலக் கணக்கு ஓலைகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. ஒரே கணக்கு ஒரு பக்கம் காகிதமாகவும் மறுபக்கம் ஓலையாகவும் எஞ்சியிருப்பது, பிற்காலத்து ஆவணங்களைப் பேணுவோருக்கும் நல்ல எடுத்துக்காட்டு. வட்டாரத்தின் சிறு காப்பறைகளிலும் ஓலை, கையால் செய்த காகிதம், ஆலைக் காகிதம், துணி வரைபடம், ஒளிப்படம் எனப் பலவகைப் பொருள்கள் ஒரே அடுக்கில் அருகருகே இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் நீரை ஒவ்வொரு விதமாக எதிர்கொள்கின்றன. மீட்புப் பணியின் முதல் நாளில் நேரும் இழப்புகள் பலவற்றுக்கும் இந்த வேறுபாட்டைக் கருதாததே காரணம்.

செங்கல்பட்டுப் பகுதியின் பழைய கட்டடமொன்றில், நூலகமும் ஆவண அறையும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடத்தில், ஒரு நவம்பர் மாத வார இறுதியில் நேர்ந்த ஒழுகலை எடுத்துக்கொண்டால் இவ்வேலை நடைபெறும் முறை தெளிவாகும். திங்கட்கிழமை காலையில் அறை திறக்கப்பட்டபோது மேற்குச் சுவரை ஒட்டிய மூன்று அடுக்குகளின் மேல்தட்டுகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். அங்கிருந்தோர் நல்லெண்ணத்துடன், பழைமையே மதிப்பு என்ற எண்ணத்தில், பதிவு எண்ணின் வரிசைப்படி பழைய பதிவேடுகளை முதலில் எடுத்து, நீரை வடிப்பதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கத் தொடங்கியிருந்தனர். அனுபவமிக்க காப்பாளர் ஒருவர் வந்து முதலில் செய்தது அந்த வேலையை நிறுத்தச் செய்ததுதான்.

மின்சாரத்தின் முதன்மை இணைப்பைத் துண்டிக்காமல் ஈரத்தரையில் எவரும் நிற்கக் கூடாது என்பது முதல் விதி. அடுத்து, மொட்டை மாடியில் குழாய் வாயை அடைத்திருந்த சருகும் மண்ணும் அகற்றப்பட்டன, நனையாத அடுக்குகள் தார்ப்பாயால் மூடப்பட்டன. அதன் பின்னரே பட்டியல். எதையும் இடம் பெயர்க்கும் முன் ஒவ்வொரு தட்டும் கைப்பேசியில் படமெடுக்கப்பட்டது. முற்காலத்தில் இந்தப் படத்துக்கு மாற்றாக ஒருவர் காகிதத்தில் அடுக்கின் கோட்டுப்படம் வரைய, மற்றொருவர் எண்களைக் கூப்பிடுவார். அதற்கே அரை நாள் கழியும். அந்த அரை நாள் மிச்சமானதே இத்தொழிலில் கண்கூடாக நிகழ்ந்த மாற்றங்களுள் பயன் மிகுந்தது என்று கருத இடமுண்டு.

பட்டியல் பதிவு எண்ணின் வரிசையில் எழுதப்படவில்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் அது இருந்த அடுக்கும் தட்டும், அது எப்பொருளால் ஆனது என்பதும், எந்த மையால் எழுதப்பட்டது என்பதும், எவ்வளவு நனைந்தது என்பதும், எந்தப் பெட்டியில் எங்கே அனுப்பப்பட்டது என்பதும் மட்டும் குறிக்கப்பட்டன. ஈரத்துக்கு மூன்று நிலைகளே போதும்: நீர் சொட்டுபவை, ஓரம் மட்டும் நனைந்தவை, தொட்டால் குளிர்ச்சியாக மட்டும் இருப்பவை. இதைவிட நுட்பமாகப் பிரிக்க முயன்றால் எழுதுபவர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றிப் பணி நின்றுபோகும். சுமார் இருநூறு உருப்படிகளில் நாற்பது முதல் நிலையிலும், எழுபது இரண்டாம் நிலையிலும், எஞ்சியவை மூன்றாம் நிலையிலும் இருந்தன.

அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை வருமாறு அமைந்திருந்தன. அடங்கல் எனப்படும் கிராமப் பயிர்க்கணக்குகளும் நிலவரித்திட்டப் பதிவேடுகளும் தோல் முதுகும் அட்டைக்கட்டும் கொண்ட கனத்த தொகுதிகளாக இருந்தன. அவற்றுள் பழையவை கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த மையால் எழுதப்பட்டவை. இந்த மை நீரில் எளிதில் கரைவதில்லை. அவற்றைவிட நூறு ஆண்டு இளையனவான கோப்புகளில் ஊற்றுப்பேனாவின் நீலமையும், முத்திரையிட்ட ஊதா மையும், ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவும் காப்பியிங் பென்சில் எழுத்தும் இருந்தன. இவை சாய மைகள் ஆதலால் நனைந்த சில மணி நேரத்திலேயே அடுத்த தாளுக்குப் பரவுகின்றன. பழைமையின்படி மீட்கத் தொடங்கினால், காத்திருக்கக் கூடியதை முதலில் காத்து, காத்திருக்க முடியாததை இழக்க நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

புலப்படங்களும் கிராம வரைபடங்களும் டிரேசிங் துணியில் வரையப்பட்டிருந்தன. மெல்லிய பருத்தித் துணிக்கு மாப்பசை ஏற்றி ஒளி ஊடுருவும்படி செய்யப்பட்ட இத்துணியில் நீர் பட்டால் பசை கரைந்து, துணி வெளிறிச் சுருங்கி, பசையின் மேல் நின்ற கோடுகளும் உரிந்துபோகின்றன. வழுவழுப்பான பூச்சுக் காகிதத்தில் அச்சான ஆண்டறிக்கைகளும் படத் தாள்களும் வேறொரு வகை ஆபத்தில் இருந்தன: பூச்சில் உள்ள ஒட்டுப்பொருள் நீரில் இளகி, காயும்போது எல்லாத் தாள்களையும் ஒரே கட்டியாக இறுக்கிவிடும், அவ்வாறு இறுகியதைப் பின்னர் எந்த முறையாலும் பிரிக்க முடியாது. முன்பு பழுதுபார்க்கப்பட்ட தாள்கள் தனியாகக் குறிக்கப்பட்டன. நைந்த தாளின் இருபுறமும் சிஃபான் எனப்படும் மெல்லிய பட்டுத்துணியை மாப்பசையால் ஒட்டுவது இந்திய ஆவணக் காப்பகங்களின் நெடுநாள் வழக்கம். அந்தப் பசை ஈரத்தில் இளகுவதால், தாளைத் தூக்கினால் துணி ஒருபுறமும் எழுத்து மறுபுறமுமாகப் பிரியும். எனவே அவற்றின் அடியில் பாலித்தீன் தாளைச் செருகி, அதனுடனேயே தூக்கினர்.

ஓலைச்சுவடிகள் நான்கு கட்டுகள் இருந்தன. எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையின் உடலிலேயே பதிந்திருப்பதால், மேலே தேய்த்த கரி கழுவப்பட்டாலும் கீறல் மறைவதில்லை. பின்னர் மீண்டும் கரி தேய்த்து எழுத்தைத் தெளிவாக்கலாம். ஆனால் நனைந்த ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கும்போது மேல்தோல் கிழியும். ஆகவே ஓலையை ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும். பல கட்டுகளில் ஏட்டெண் இல்லாததால் கயிற்றை அவிழ்க்கும் முன் வரிசையைப் படமெடுத்துக்கொண்டு, நிழலில் ஒற்றுத்தாளின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, வளையாதிருக்க மெல்லிய கனம் வைத்து உலர்த்தினர். ஒளிப்படங்கள் ஓரிரு கைப்பெட்டிகளே இருந்தன. அவற்றின் மேலுள்ள ஜெலட்டின் படலம் வெப்பமான ஈரத்தில் மிக இளகுவதால், காகிதப் படங்கள் பனிக்கட்டி இட்ட தூய நீரில் வைக்கப்பட்டு அன்றே பயிற்சி பெற்றவரிடம் அனுப்பப்பட்டன. கண்ணாடி நெகடிவ்களை மட்டும் உறைய வைக்காமல், படலப் பக்கம் மேலாக வைத்துத் தனித்தனியே காற்றில் உலர்த்தினர்.

இவ்வளவையும் பிரித்த பிறகு ஒரு கணக்கு எஞ்சுகிறது. நூல் மீட்புத் துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படும் வழிகாட்டியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக 1975-இல் எழுதிய பீட்டர் வாட்டர்ஸ், 1840-க்கு முற்பட்ட பழைய காகிதம் தன் எடையில் எண்பது விழுக்காடு வரையும் பிற்காலக் காகிதம் அறுபது விழுக்காடு வரையும் நீரை ஏற்கும் என்று மதிப்பிட்டார். அந்த அளவின்படி, நான்கு கிலோ எடையுள்ள பதிவேட்டில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை நீர் தங்கியிருக்கும். நாற்பது தொகுதிகளிலிருந்து வெளியேற வேண்டிய நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீர் எங்கே போகும் என்பதே மீட்பின் மையக் கேள்வி. நவம்பரில் இக்கடற்கரையின் காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. பூஞ்சணம் முளைக்க எழுபது விழுக்காடும் இருபத்தைந்து டிகிரி வெப்பமும் போதும், நனைந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அது தென்படத் தொடங்கும். குளிர்நாட்டு நூல்கள் கூறும் சன்னலைத் திறந்து காற்றோட்டம் விடும் அறிவுரையை இங்கே மழைக்காலத்தில் பின்பற்றினால், வெளிக்காற்று நீரை எடுத்துச் செல்வதற்கு மாறாக அறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். சன்னல்களை மூடி, குளிர்சாதனமும் ஈரம் உறிஞ்சும் கருவியும் இயங்க, உள்ளிருக்கும் காற்று ஈரத்தை இழந்த பிறகே மின்விசிறியைச் சுழல விடுவதே இவ்வட்டாரத்துக்கு ஏற்ற முறை.

ஆறு பேர் கொண்ட குழுவால், ஈரம் நீக்கிய ஒரே அறையில், ஒரு நாளில் சுமார் இருபது பதிவேடுகளுக்கு மேல் முறையாகக் காற்றில் உலர்த்த முடியாது. எஞ்சியவற்றுக்கு உறைய வைப்பதே வழி. உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது, மை பரவாது, தாள் ஒட்டாது, எனவே உலர்த்தும் வேலையை வாரங்கள் கழித்தும் தொடரலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் நிலப்பதிவு அலுவலகத்தின் ஆவணங்கள் கடல்நீரிலும் சேற்றிலும் மூழ்கியபோது, அவற்றை உறைய வைத்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுசென்று, ஜப்பானின் உதவியுடன் வெற்றிட உறைநிலை உலர்த்தல் செய்தனர். உறைந்த நீரைத் திரவமாக்காமல், காற்றழுத்தம் குறைந்த அறையில் நேரடியாக ஆவியாக்குவது அந்த முறை. நிலம் யாருக்கு உரியது என்பதற்கான சான்று அந்தத் தாள்களில் இருந்ததால், அவை இவ்வளவு முயற்சிக்கும் உரியவையாக மதிக்கப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை நிலத்தின் விலை ஏறிய ஆண்டுகளில், யாரும் தேடாதிருந்த பழைய அடங்கல்களும் புலப்படங்களும் வழக்குகளில் சான்றாகத் தேவைப்படத் தொடங்கின. நனைந்த கட்டைப் பழைய காகிதம் என்று ஒதுக்கும் போக்கு அதன் பின் வெகுவாகக் குறைந்தது.

உறைய வைக்கும் இடத்தைத் தேர்வதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. கடற்கரையில் மீன்பிடித் துறைகளை ஒட்டிப் பனிக்கட்டித் தொழிற்சாலைகள் உண்டு. ஆயினும் அவற்றின் உப்புநீர்த் தொட்டிகள் சுமார் மைனஸ் பத்து டிகிரியில் இயங்குபவை, கட்டிகளை மெல்ல உறைய வைப்பவை. மெல்ல உறையும் நீர் தாளுக்குள் பெரிய படிகங்களாகி இழைகளைப் பிரிக்கிறது. தேவைப்படுவது இறால், மீன் ஏற்றுமதிக்கூடங்களில் உள்ள விரைவு உறைவறை. அது மைனஸ் முப்பதுக்கும் கீழே குளிர்ந்த காற்றைச் சுழற்றுவதால் தொகுதி விரைவில் உறைகிறது, பின்னர் மைனஸ் இருபதில் வைத்திருக்கலாம். மேற்கூறிய நிகழ்வில் நீர் சொட்டிய தொகுதிகள் மெழுகுத் தாளில் சுற்றப்பட்டு, மீன் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகளில் முதுகுப்புறம் கீழாக ஒரே அடுக்காக வைக்கப்பட்டன. பெட்டியை நெருக்கி நிரப்பவில்லை, ஏனெனில் ஈரத்தில் பருத்த தொகுதி மேலும் பருக்க இடம் வேண்டும். திறந்திருந்த தொகுதியை மூடவோ, மூடியிருந்ததைத் திறக்கவோ, சேற்றைத் தேய்த்துத் துடைக்கவோ எவரும் அனுமதிக்கப்படவில்லை. பூச்சுக் காகிதத் தொகுதிகளும் சாய மை எழுத்துகளும் முதல் வண்டியில் சென்றன, அன்னபேதி மைப் பதிவேடுகள் அடுத்த வண்டியில். வெற்றிட உலர்த்தும் கருவி இந்தியாவில் மருந்து, உணவு ஆலைகளிலேயே மிகுதியாக உள்ளது. அதைப் பெறுவது எளிதன்று என்பதால், பெரும்பாலானவற்றை உறைவறையிலிருந்து ஒரு நாளுக்கு ஐந்து, பத்தாக வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்துவதே நடைமுறை.

காற்றில் உலர்த்தும்போது பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக அச்சில்லாத வெற்றுச் செய்தித்தாள் காகிதம் செருகப்பட்டு, சில மணிக்கொருமுறை மாற்றப்படுகிறது. செருகிய தாள்களின் கனம் தொகுதியின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கட்டின் முதுகு வெடிக்கும். ஓரம் உலர்ந்ததைக் கண்டு வேலை முடிந்ததாகக் கருதுவது ஆபத்து. முதுகுத் தையலை ஒட்டிய பகுதி இறுதிவரை ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அங்கேதான் பூஞ்சணம் மறைந்து முளைக்கும். அளவுகோல் மிக எளியது: தினமும் ஒரே நேரத்தில் தராசில் வைத்து எடையைப் பட்டியலிலேயே குறிக்க வேண்டும், இரண்டு நாள் எடை மாறாதிருந்தால் தொகுதி உலர்ந்துவிட்டது.

முந்தைய தலைமுறையில் இவ்விடத்தில் வெயிலே மருந்தாக இருந்தது. மழை விட்டதும் பதிவேடுகளை மாடியில் விரித்து, மாலைக்குள் எடுத்து அடுக்கும் வழக்கத்தின் அடையாளம் பல காப்பறைகளில் இன்றும் தெரிகிறது: நெளிந்த தாள்கள், உரிந்த முதுகுத் தோல், வெளிறிய நீலமை. வேகமாகச் சூடாக்கி உலர்த்துவது எங்கும் செய்யப்பட்ட பிழையே. 1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு ஃபுளோரன்ஸ் நகரின் தேசிய நூலகத்தில் புகுந்தபோது நனைந்த நூல்களுள் சில புகையிலை உலர்த்தும் கூடங்களில் காய வைக்கப்பட்டுச் சிதைந்தன. பூஞ்சணத்துக்கு மருந்தாகத் தைமால் புகை ஊட்டும் மரப்பெட்டிகளும் நெடுங்காலம் பயன்பட்டன. ஓம வாசம் வீசும் அந்தப் பொருள் ஏற்கெனவே வளர்ந்த பூஞ்சணத்தைத் தற்காலிகமாகத்தான் அடக்கியது. ஈரம் திரும்பியதும் பூஞ்சணமும் திரும்பியது, பணியாளரின் மூச்சுக்கும் கேடு நேர்ந்தது. இப்போது பூஞ்சணம் பிடித்தவை தனி அறையில் வைக்கப்பட்டு, முற்றிலும் உலர்ந்த பிறகே, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசமணிந்து மென்தூரிகையால் துடைக்கப்படுகின்றன. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது தாளின் இழைக்குள் அப்பிக் கறையாகவே நின்றுவிடும்.

மேற்கூறிய நிகழ்வில் டிரேசிங் துணி வரைபடங்களில் பெரும்பகுதி இழக்கப்பட்டது. புளூபிரிண்டுகளில் எவற்றின் கோடுகள் அழிந்தன என்பது பட்டியலில் உள்ளவாறே பதியப்பட்டது. பதிவேடுகளும் ஓலைகளும் மிகப் பெரும்பாலும் மீண்டன, பூச்சுக் காகித நூல்களில் சில கட்டியாகிவிட்டன. இழந்தவற்றின் வரிகளைப் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதை மூத்த காப்பாளர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம், அவற்றின் படி வேறெங்கேனும் இருக்கிறதா என்று தேடுவோருக்கு அந்த வரி ஒன்றே வழிகாட்டுவதாகும். உலர்ந்த உருப்படிகள் உடனே அடுக்குக்குத் திரும்புவதில்லை. அவை தனியாக வைக்கப்பட்டு, மூன்று மாதம் வரை வாரமொருமுறை முதுகுத் தையலருகே பிரித்துப் பார்க்கப்படுகின்றன. அடுக்குகளும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி மீண்டும் அமைக்கப்படுகின்றன. சுண்ணாம்புத் தளம் மழை நின்ற பிறகும் பல வாரங்கள் நீரைப் பிடித்திருக்கும் என்பதால், பழுதுபார்க்கும் கொத்தனார்கள் தட்டோட்டின் இணைப்புகளைப் பிப்ரவரிக்கு முன் மூடுவதில்லை.